காலர் இருந்த இடம்

சாவு வீட்டுப் படம் எங்களுக்குப் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். விடிவதற்குள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டியாக வேண்டும். அன்றைக்கும் மணி 11-ஐத் தாண்டியிருந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு என்பதால் ஷட்டரைத் தட்டினால் எங்களுக்குக் கேட்கும். இரண்டு பேர் நின்றார்கள். மூத்தவர் செல்போனை நீட்டி, "அம்மா படம்க்கா. இது ஒண்ணுதான் கெடக்கு. கொஞ்சம் பட்டுச்சேல கட்டுன மாதிரி மாத்திக் குடுங்க" என்றார்.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் 11 பேர் மண்வெட்டியும் சட்டியுமாக நிற்கும் படம். இடமிருந்து நான்காவது அவர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழுக்கை, இளநீலக் கட்டம். காலரின் ஒரு பக்கம் நிமிர்ந்தும் மறுபக்கம் மடிந்தும் இருந்தது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, யாரோ எதையோ சொன்னதற்குச் சிரித்திருக்கிறார். நல்ல படம்.

நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்காக ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் எடுத்தார்கள். 2023-இல் எல்லா இடத்திலும் அது கட்டாயமானது. அரசாங்கம் அத்தனை தடவை படம் பிடித்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு படம் இல்லை. அவருடைய தோழி ஒருத்தி தன் செல்போனில் தற்செயலாக எடுத்ததுதான் இதுவும்.

இந்த வேலைக்கு எங்கள் தொழிலில் 'ட்ரெஸ் மாத்துறது' என்று பெயர். 20 வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். முன்பெல்லாம் ஸ்டுடியோவில் கறுப்புக் கோட்டு ஒன்றும் டை ஒன்றும் ஆணியில் தொங்கும். வருகிற ஆண்கள் எல்லாரும் அதையே மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். பெண்களுக்கு ஒரு கண்ணாடி, ஒரு பவுடர் டப்பா, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வந்தபிறகு கோட்டு கோப்பாக மாறியது. கூடவே பட்டுச்சேலையும் வந்தது. தலையில்லாத பட்டுச்சேலைகள் என்னிடம் இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. அரக்குக்குப் பச்சைக்கரை, மஞ்சளுக்குச் சிவப்புக்கரை என்று நிறவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். கழுத்துக்கு மேல் எதுவும் இருக்காது. அங்கே முகத்தை வைக்க வேண்டும்.

வைப்பது சுலபம். வைத்தபிறகு, கழற்றிய உடை எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இதை நான் கற்றுக்கொண்டது கம்ப்யூட்டரில் அல்ல, என்னுடைய படத்தில்.

2005-இல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்போது என்னிடம் இருந்த நல்ல படம் சுடிதார் போட்டது. வேறொரு ஸ்டுடியோவில் கொடுத்து அதைச் சேலையாக மாற்றி, ஜாதகத்தோடு அனுப்பினார் அப்பா. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு என் அம்மாவிடம் மெதுவாக, "தோள்ல என்ன அது, பாடி பட்டையா?" என்று கேட்டார். ஜாக்கெட் ஓரத்துக்கும் கழுத்துக்கும் நடுவே வெளிறிய ஒரு கோடு, அரை இஞ்ச் நீளம். சுடிதாரின் அகலக் கழுத்தில் லேசாக எட்டிப்பார்த்திருந்த பிராப் பட்டை அது. சுடிதாரை அழித்தவர் அதைத் தோல் என்று நினைத்து விட்டுவிட்டார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. காரணம் பட்டை அல்ல, நகைதான். ஆனால் அன்றைக்கு நடையில் இருந்த ஏழு பேரும் அந்தப் படத்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆக, என் கண் அந்தம்மாவின் கண்தான். தோளில் பட்டை தெரிகிறதா என்று பெண்களை உற்றுப் பார்க்கிற கண். அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது, சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதவும் முடியவில்லை.

அன்றிரவு நேரமில்லை. காலரை நிதானமாக எடுக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். அதனால் எல்லாரும் செய்கிற குறுக்குவழியைச் செய்தேன். பச்சைச் சேலையின் மேல் முகத்தை வைத்து, கழுத்தை மறைக்கிற மாதிரி ஒரு ரோஜா மாலையைப் போட்டுவிட்டேன். சாவுப் படத்தில் மாலை இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திரையில் பார்க்கக் குறையொன்றும் தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குக் கோப்பை அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மதியம் அந்தத் தெரு வழியாகப் போனேன். ஆறடி ஃப்ளெக்ஸ். இடது காதுக்குக் கீழே, மாலையின் பூ ஒன்று முடிகிற இடத்தில், இளநீலமாக ஒரு முக்கோணம் நீட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்திருந்த காலரின் நுனி. என் திரையில் முகம் ஐந்து இஞ்ச்தான் இருந்தது, ஃப்ளெக்ஸில் இரண்டடி. திரையில் 2 மில்லிமீட்டராக இருந்தது அங்கே ஒரு சென்டிமீட்டராகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சட்டக்காலரு தெரியுது பாரு. சேலைக்கு எதுக்குய்யா காலரு?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து அல்ல, அந்த அம்மாவைப் பார்த்து.

பதினாறாம் நாளுக்குச் சட்டம் போட்ட படம் வேண்டும் என்று ஐந்தாம் நாள் மகள் வந்தார். திருமணமாகிப் பக்கத்து ஊரில் இருப்பவர். நான் ஃப்ளெக்ஸைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்னால் அவரே, "பரவால்லக்கா, அவசரம்" என்று சொல்லிவிட்டார். அது இன்னும் சங்கடமாகிவிட்டது. காசு வேண்டாம், இந்தத் தடவை சரியாகச் செய்து தருகிறேன் என்றேன்.

முதலில் படத்தின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கச் சொன்னேன். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த அளவிலேயே வரும். தோழியின் செல்போனிலிருந்து 4000-க்கு 3000 புள்ளிகள் உள்ள கோப்பு வந்தது. அதில் முகம் மட்டும் 400 புள்ளி உயரம். 12-க்கு 18 இஞ்ச் சட்டத்தில் முகம் ஐந்து இஞ்ச் வரும் என்றால் ஒரு இஞ்சுக்கு 80 புள்ளி. பிரமாதம் என்று சொல்ல முடியாது. சுவரில் மாட்டிப் பார்க்கப் போதும்.

காலர் வைத்த சட்டையைச் சேலையாக மாற்றும்போது வருகிற பெரிய சிக்கல் காலரை அழிப்பது அல்ல. காலர் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும்; ஜாக்கெட்டின் கழுத்தோ அதற்குக் கீழே நாலு விரல் தள்ளித்தான் தொடங்கும். நடுவில் உள்ள கழுத்து படத்திலேயே கிடையாது. காலரை எடுத்தால் அங்கே ஓட்டைதான் இருக்கும். வழக்கமாக வேறு யாருடைய கழுத்தையாவது எடுத்து ஒட்டுவோம். நிறம் ஒத்துப்போனால் போதும், யார் கழுத்து என்று யார் பார்க்கப்போகிறார்கள்? எதிரே நின்ற மகளைப் பார்த்தேன். அதே நிறம், அதே நீளக் கழுத்து. கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எடுத்துக்கோங்கக்கா" என்றார்.

கண்மாய்ப் படத்தில் வெயில் இடதுபக்கம் மேலிருந்து விழுந்தது. அதனால் அவரைக் கடைவாசலில், இடதுபுறம் வெளிச்சம் படுகிற மாதிரி நிற்கவைத்து, தாடையை அம்மா வைத்திருந்த சாய்வுக்கே கொண்டுவந்து, கழுத்தை மட்டும் எடுத்தேன். அவர் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் கழற்றுவதாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அவருடைய அம்மா எட்டு வருஷமாகத் தாலியில்லாதவர்.

முகத்தைத் தாடையோரமாகப் பென் கருவியால் வெட்டினேன். அழிப்பானைத் தொடவில்லை. அழித்தது போனதுதான், மாஸ்க் போட்டு மறைத்தால் வேண்டும்போது திரும்பக் கொண்டுவரலாம். கீழே மகளின் கழுத்து, அதற்கும் கீழே சேலை. கயிற்றைப் பக்கத்துத் தோலை நகலெடுத்து மூடினேன். ஒரு மணி நேரத்தில் பார்க்கும்படி ஆகிவிட்டது. அதற்குப்பிறகு சோதிக்க நான்கு மணி நேரம் ஆனது.

நான் முதலில் செய்வது சேலையையும் கழுத்தையும் மறைத்துவிட்டு, முகத்துக்கு அடியில் கண்ணைக் கூசுகிற ஒரு நிறத்தை நிரப்புவது. ஊதா கலந்த சிவப்பு நல்லது, எந்தத் தோலிலும் அது இருக்காது. சேலையின் மேல் வைக்கும்போது ஜரிகையோ மடிப்போ என்று கண் நினைத்துக்கொள்கிற துணுக்குகள் எல்லாம் அந்த நிறத்தின் மேல் தனியாகத் தெரியும். வலது காதுக்குக் கீழே நீலமாகப் பொடிப்பொடியாக இருந்தது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரியும். முழுக்கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் தெரிந்தால், அங்கே பழைய உடை பாதி மறைந்தும் பாதி மறையாமலும் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்கு அது அழுக்குப்படிந்த கழுத்து மாதிரித் தெரியும். கழுத்தில் அழுக்கோடு ஒரு பெண்ணைச் சுவரில் மாட்டிவிட்டு, ஏன் என்று தெரியாமலே எல்லாரும் முகம் சுளிப்பார்கள்.

அதைச் சுத்தம் செய்த பிறகும் தாடையோரம் ஒரு நீல விளிம்பு போகவில்லை. இது துணி அல்ல. செல்போன் படத்தை ஜேபெக்காகச் சேமிக்கும்போது வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்ளும். நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்ற கணக்கில் வைக்கும். அதனால் காலரின் நீலம் தன் எல்லையில் நிற்காமல் பக்கத்துத் தோலுக்குள் ஒன்றிரண்டு புள்ளி கசிந்திருக்கும். கத்தரித்த கோடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தக் கசிவும் கூடவே வரும். மாஸ்கை இரண்டு புள்ளி உள்ளே தள்ளினால் போய்விடும். மூன்று நான்கு என்று தள்ளக்கூடாது, தாடை தேய்ந்து முகம் வேறு ஆளாகிவிடும்.

அடுத்தது நிற அழுத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றிப் பார்ப்பது. முகமெல்லாம் ஆரஞ்சாகக் கொதிக்கும், பார்க்கக் கோரமாக இருக்கும். ஆனால் அந்த ஆரஞ்சுக்கு நடுவில் தாடைக்கு அடியில் மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. நல்ல வெயிலில் வெளிர்நிறச் சட்டை போட்டால் அதன் நிறம் தாடையில் பட்டுத் திரும்பும். சட்டையைக் கழற்றிவிட்டேன், சட்டையின் வெளிச்சம் முகத்திலேயே தங்கிவிட்டது. பச்சைச் சேலை கட்டியவரின் தாடையில் நீலம் எங்கிருந்து வரும்? பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தெரியாது. 'ஒட்டவெச்ச மாதிரி இருக்கு' என்று மட்டும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரி. கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து, நிறத்தை மட்டும் மாற்றுகிற லேயரில் லேசாகப் பூசினேன். நிழல் அப்படியே நிற்கும், நீலம் மட்டும் போகும்.

நிழலுக்குத் தனிச் சோதனை. கர்வ்ஸ் என்கிற வளைகோட்டை மேலும் கீழுமாக மலைத்தொடர் மாதிரி வளைத்துவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற இரண்டு சாயல்கள் ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் பிரிந்து நிற்கும். அப்படிப் பார்த்தபோது இடது காதுக்குக் கீழே, அம்மாவின் கழுத்தில் நான் மிச்சம் வைத்திருந்த விரற்கடை அளவு தோலில், நேர்க்கோடாக ஒரு நிழல் தெரிந்தது. நிமிர்ந்திருந்த காலரின் நிழல். மனித உடம்பில் எதுவும் அப்படி நேராக நிழல் விழுத்தாது. ஃப்ளெக்ஸில் சிரிப்புக்கிடமான அதே காலர் நுனி, இந்தத் தடவை துணியில்லாமல் வந்திருந்தது.

பிறகு முடி. பிடரியில் கொண்டைக்குத் தப்பிய நரைமுடி நாலைந்து காலரின் மேல் கிடந்தது. ஒவ்வொரு முடிக்கும் நடுவில் நீலக் கட்டம். முடியைக் காப்பாற்றிக்கொண்டு துணியை மட்டும் எடுப்பது என்னால் ஆகாது, ஆகிறது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. முடியை வெட்டிவிட்டு இரண்டு புள்ளித் தூரிகையால் புதிதாக வரைந்தேன். வரையும்போது நரையாகத்தான் வரைந்தேன். "அப்படியே கறுப்பாக்கிருங்க" என்று மூத்தவர் சொல்லியிருந்தார். அதை நான் மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வேலை கற்க வந்த பெண்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெண்களின் கழுத்தில் உடை இல்லாத இடத்திலும் உடையின் கோடு இருக்கும். வருஷக்கணக்காக ஒரே கழுத்து வைத்த ஜாக்கெட் போட்டு வெயிலில் வேலை செய்தால், மேலே கறுத்தும் உள்ளே வெளுத்தும் ஒரு எல்லை விழுந்துவிடும். நைட்டிக் கழுத்து அதைவிட அகலம் என்பதால் நைட்டி போட்ட படங்களில் அந்த எல்லை பளிச்சென்று தெரியும். பழைய உடையின் மிச்சம் என்று நினைத்து அதைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். இறுக்கமான பட்டை 30 வருஷம் அழுத்திய பள்ளம் தோளில் இருந்தால் அதையும் நிரப்பிவிடுவார்கள். ஒரே வழி, மூலப்படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துப் பார்ப்பதுதான். கோட்டுக்கு இரண்டு பக்கமும் தோலின் மேடுபள்ளமும் மருவும் தொடர்ந்து ஓடினால் அது உடம்பு. ஒரு பக்கம் நெய்த இழை தெரிந்தால் அது துணி. துணியை எடு, உடம்பை விடு என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டால் உடம்பையும் எடுத்துத்தான் கொடுக்கிறோம் என்பது வேறு கதை.

கடைசியில் காலரின் தையல். அதை அழிப்பதற்காகத்தான் 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். 100-இல் கட்டமாகவும் 200-இல் கசங்கலாகவும் தெரிந்தது 400-இல் தையலாகத் தெரிந்தது. இளநீலச் சட்டையின் காலர் பட்டியில் வெள்ளை நூல். மெஷின் தையல் அல்ல, கைத்தையல். ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று ஓடியது. காலரின் மேல்பக்கத் துணி மற்ற இடங்களைவிடப் புதிதாக இருந்தது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சட்டையில் முதலில் நைந்துபோவது காலர் மடிப்புதான். அந்தக் காலத்தில் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பிவைத்துத் தைப்பார்கள். என் அம்மாவும் செய்வாள். இவர் செத்துப்போன புருஷனின் சட்டையைக் காலர் திருப்பித் தைத்து, வெயிலுக்கும் முள்ளுக்கும் போட்டுக்கொண்டு மண் சுமந்திருக்கிறார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாஸ்கில் அந்த இடத்தைக் கறுப்பாக்கினேன். வேலை அதுதான்.

எல்லாம் முடிந்ததும் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பழகிப்போன கண்ணுக்கு அது வேறு படமாகத் தெரியும். அதற்கும் பிறகு 4-க்கு 6 இஞ்சில் ஒரு பிரின்ட். திரை தானே ஒளி விடுகிறது, அதனால் இருட்டான மூலைகளைக்கூட மன்னித்துவிடும், காகிதம் மன்னிக்காது. அந்தப் பிரின்ட்டை வாசல் வெளிச்சத்தில் பார்த்தபோது வலதுபக்கம் கழுத்து வளைந்து பின்னால் போகிற இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. சேலைக்கரையின் ஜரிகை ஏறிவிட்டது என்று நினைத்தேன். கோப்பைத் திறந்து பார்த்தால் மூன்று புள்ளி அகலத்தில், முறுக்குத் தெரிகிற மஞ்சள். மகளின் தாலிக்கயிறு.

ஐந்து நாளாக நான் சட்டையை மட்டுமே தேடியிருக்கிறேன். நீலம், கட்டம், நேர்க்கோடு என்று கண்ணுக்கு ஒரு பட்டியல் கொடுத்துவிட்டேன். கண்ணும் அதை மட்டும் கொண்டுவந்து கொடுத்தது. ஒட்டுப்போட எடுத்த கழுத்திலும் கழற்றாத ஒன்று இருக்கிறது என்பதை நானே எழுதிக்கொண்டிருந்தும் தேடவில்லை. அது அப்படியே சட்டத்துக்குள் போயிருந்தால், பதினாறாம் நாள் பந்தலில் யாராவது ஒரு பெரியம்மா வெளிச்சத்துக்கு நேராக அதைப் பிடித்துப் பார்த்திருப்பார். எட்டு வருஷம் தாலியில்லாமல் இருந்தவள் கழுத்தில் மஞ்சள் என்ன என்ற கேள்வி வந்திருக்கும். காலருக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரித்திருக்க மாட்டார்கள்.

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை, இரண்டு நிமிஷ வேலை. அவர் சிரித்துவிட்டார். "இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னா எங்க மாமா ஊரக் கூட்டிருவாரு. எடுத்துருங்கக்கா" என்றார். எடுத்தேன். அந்தப் புள்ளி இருந்த இடத்தில் கயிறு பதிந்த லேசான பள்ளம் இருந்தது. அது துணியும் இல்லை, நூலும் இல்லை. விட்டுவிட்டேன். அம்மாவின் கழுத்திலும் ஒரு காலத்தில் அது இருந்திருக்கும்.

பதினாறு கும்பிட்டு ஒரு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். சட்டத்துப் படம் நன்றாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்களாம். "ஆனா கும்பிடறப்ப யாரோ மாதிரி இருக்கு" என்றார். பிறகு, அந்தக் கண்மாய்ப் படம் இன்னும் இருக்கிறதா, அதிலிருந்து அம்மாவை மட்டும் சட்டையோடு சின்னதாக ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். சுவரில் மாட்டப்போவதில்லை, பீரோவுக்குள் வைத்துக்கொள்ளத்தான்.

மாஸ்க் போட்டு மறைத்ததுதானே, எல்லாம் அப்படியே இருந்தது. சேலையை மறைத்து, அவருடைய கழுத்தை மறைத்து, மாஸ்கை அணைத்ததும் காலர் ஒரே சொடுக்கில் திரும்ப வந்துவிட்டது. திரையைத் தொடாமல் விரலை அதன்மேல் வைத்து, "இந்தக் காலர நாந்தான் திருப்பித் தச்சேன்" என்றார். "ஒம்பதாப்பு படிக்கைல. நீல நூல் இல்ல, வெள்ளையில தச்சுட்டேன். அதுக்கு அம்மா வஞ்சுச்சு, ஊரெல்லாம் பாக்கும்னு."

4-க்கு 6 அளவில் தையல் தெரியுமா என்று கேட்டார். அந்த அளவில் தெரியாது. தோளுக்கு மேலே மட்டும் வெட்டி, 5-க்கு 7-இல் போட்டு, காலர் பட்டி உள்ள இடத்தில் மட்டும் கூர்மையை ஏற்றினேன். பிரின்ட் வந்ததும் வாசலுக்கு எடுத்துப் போய் இரண்டு பேரும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். மூன்று தையல் தெரிந்தது. நாலாவது காலர் மடிப்புக்குள் போய்விட்டது.